தேர்வுப் படிவத்துக்குப் படம் வெட்டுவது எப்படி: கண்ணிலிருந்து தொடங்கும் கணக்கு

ரங்கூனில் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதப் போகிறவர்களும், இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ படிக்க நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்களும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாக ஏறிவிடும். படத்தை ஏற்றும்போது மட்டும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத நேரத்தில் நாலைந்து தடவை முயன்று பார்த்துவிட்டு, நகல் கடைக்கு ஓடுவார்கள். கடைக்காரர் எண்களைப் பொருத்தி இழுத்துக் கொடுப்பார். படம் ஏறிவிடும், ஆனால் முகம் பக்கவாட்டில் நசுங்கியிருக்கும். அந்தப் படம்தான் அனுமதிச் சீட்டில் அச்சாகும். தேர்வு மண்டபத்தில் மேற்பார்வையாளர் அதையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

படிவம் கேட்பது மூன்று வெவ்வேறு விஷயங்கள். வடிவம் என்பது அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம். பிக்சல் என்பது படத்தில் எத்தனை புள்ளிகள் என்ற எண்ணிக்கை. கேபி என்பது கோப்பின் எடை. இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சரிசெய்ய வேண்டும்: முதலில் விகிதப்படி வெட்டுவது, பிறகு பிக்சலுக்குச் சுருக்குவது, கடைசியில் எடையைப் பொருத்துவது. வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்று கெடும். எடையை முதலில் குறைத்துவிட்டு அப்புறம் வெட்டினால், ஏற்கெனவே மங்கிப்போன படத்திலிருந்து ஒரு துண்டைத்தான் எடுக்கிறீர்கள்.

இங்கே ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு முழுவதும் போகலாம். அது கேட்பது: 360 பிக்சல் அகலம், 480 பிக்சல் உயரம், JPG கோப்பு, 20 முதல் 50 கேபி, முகம் நடுவில். உங்கள் படிவத்தின் எண்கள் வேறாக இருக்கலாம். தேர்வு ஒன்றே என்றாலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுண்டு. போன வருடம் அக்கா ஏற்றிய அளவை நம்பாமல், இந்த ஆண்டு அறிவிப்பில் உள்ளதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான படிவங்களில் முதல் எண் அகலம், இரண்டாவது உயரம். இடம் மாற்றிப் போட்டால் படுத்த சட்டம் வந்துவிடும்.

சில படிவங்கள் பிக்சலைச் சொல்லாமல் செ.மீ. கணக்கில் கேட்கும். 3.5 × 4.5 செ.மீ., 300 டிபிஐ என்று இருந்தால், செ.மீ. எண்ணை 2.54 ஆல் வகுத்து 300 ஆல் பெருக்குங்கள். 413 × 531 பிக்சல் வரும். அதற்குப் பிறகு டிபிஐ பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அது அச்சுப்பொறிக்கான குறிப்பு, படத்தின் புள்ளிகளை அது கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

வெட்டுவதற்கு முன்பே கெட்டுப்போகும் படங்கள்

படம் எடுப்பதைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஆனால் பின்னால் எந்த மென்பொருளாலும் திருத்த முடியாத சில தவறுகள் உண்டு. கன்னத்தில் தனாக்கா பூசியிருந்தால் கழுவிவிட்டு எடுங்கள். சிறிய படத்தில் அது வெளிறிய திட்டாகத் தெரியும், முகத்தின் உண்மையான நிறமும் மறைந்துவிடும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டால் தோள் எங்கே முடிகிறது என்றே தெரியாது. செல்ஃபியும் வேண்டாம். கை நீளத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காதுகள் பின்னால் போய்விடும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று, போனின் பின்பக்கக் கேமராவால் இன்னொருவர் எடுக்கட்டும். சன்னலைப் பார்த்து நில்லுங்கள். தலைக்கு மேலும் இரு தோளுக்கு வெளியேயும் தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள். இடம் மிஞ்சினால் வெட்டிக்கொள்ளலாம். போதாவிட்டால் புதிதாகத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, படம் போனிலிருந்து கணினிக்கு வரும் வழி. வைபரிலோ மெசஞ்சரிலோ சாதாரணப் படமாக அனுப்பினால் அது வழியிலேயே சுருக்கப்பட்டுவிடும். 3000 × 4000 ஆக இருந்த படம் அதில் பாதிகூட இல்லாமல் வந்து சேரும். யுஎஸ்பி வடத்தில் எடுங்கள். முடியாவிட்டால் டெலிகிராமில் `File` என்ற வழியில் கோப்பாக அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் விண்டோஸில் கோப்பின் மீது வலது சொடுக்கி `Properties`, பிறகு `Details` பாருங்கள். பிக்சல் எண்கள் அங்கே இருக்கும். ஐபோனில் எடுத்த படம் `.heic` என்று முடிந்தால், பெயரின் வாலை மட்டும் `.jpg` என்று மாற்றிப் பயனில்லை. உள்ளே இருப்பது அதேதான், படிவம் கண்டுபிடித்துத் திருப்பிவிடும். போனின் `Settings` பகுதியில் `Camera`, `Formats` என்று போய் `Most Compatible` தேர்ந்துவிட்டுப் புதிதாக எடுப்பது சுலபம்.

முகத்தை நடுவில் வைக்கும் கணக்கு

முகத்தை நடுவில் வைப்பது கண்மதிப்பில் செய்யக்கூடியதுதான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். முடி ஒரு பக்கம் வழிந்திருந்தாலோ, ஒரு தோள் தாழ்ந்திருந்தாலோ கண் ஏமாந்துவிடும். முடியையும் தோளையும் சேர்த்து நடுவைத் தேடும். அதனால் முகம் ஒரு விரல் அகலம் தள்ளிப் போய் நிற்கும். நம்பத் தகுந்த அடையாளம் இரண்டு கண்மணிகள். அவற்றின் நடுப்புள்ளிதான் படத்தின் நடுக்கோட்டில் விழ வேண்டும். உயரத்துக்கு உச்சந்தலையும் தாடையும் போதும்.

கணினியில் ஜிம்ப் என்ற இலவச மென்பொருளை வைத்துச் சொல்கிறேன். ஒரு முறை நிறுவிவிட்டால் இணையம் தேவையில்லை. நம் ஊர் நிலைமைக்கு இது பெரிய வசதி. படத்தைத் திறக்கும்போது திருப்பட்டுமா என்று கேட்டால் `Rotate` கொடுங்கள். போன் படத்தைப் படுக்க வைத்துச் சேமித்து, நிமிர்த்திக் காட்டு என்று ஒரு குறிப்பை மட்டும் கூட வைத்திருக்கும். அதை இங்கே நிலையாக்காவிட்டால், உங்கள் திரையில் நிமிர்ந்து நிற்கும் படம் படிவத்தில் படுத்துக்கொள்ளும்.

முதலில் தலை சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சுட்டியை ஒரு கண்மணியின் மேல் வையுங்கள். ஜிம்ப் சன்னலின் கீழ் இடது மூலையில் இரண்டு எண்கள் தெரியும்: இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், மேல் ஓரத்திலிருந்து எவ்வளவு ஆழம். இரண்டாவது எண்ணை இரு கண்களுக்கும் ஒப்பிடுங்கள். கண்களுக்கு இடையே 308 பிக்சல் தூரம் இருக்கும்போது ஒரு கண் 16 பிக்சல் தாழ்ந்திருந்தால், சாய்வு ஏறக்குறைய 3 பாகை. அது கண்ணுக்குத் தெரியும் சாய்வு. `Measure` கருவியை எடுத்து ஒரு கண்மணியிலிருந்து மற்றதற்குக் கோடு இழுத்து, `Straighten` அழுத்தினால் நேராகிவிடும். மூலைகள் காலியாகத் தெரியும். எப்படியும் உள்ளேதான் வெட்டப் போகிறோம், பரவாயில்லை. சாய்வை இப்படித் திருத்தலாம். ஆனால் முகம் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் திருத்த வழியில்லை. மூக்கு நுனி இரண்டு கண்களின் நடுவிலிருந்து நன்றாக விலகியிருப்பது, ஒரு காது தெரிந்து மற்றது மறைந்திருப்பது இதற்கு அடையாளம். வேறு படம் எடுங்கள்.

நேராக்கிய பிறகு நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டுப் படம் 3000 × 4000. அதில் கிடைத்தவை இவை என்று கொள்வோம்: இடப்பக்கக் கண்மணி 1376, வலப்பக்கக் கண்மணி 1684, உச்சந்தலை 900, தாடை நுனி 2000. முதல் இரண்டும் இடது ஓரத்திலிருந்து, அடுத்த இரண்டும் மேல் ஓரத்திலிருந்து அளந்தவை. கொண்டை போட்டிருந்தால் கொண்டையை விட்டுவிட்டுத் தலையின் உச்சியை அளக்க வேண்டும், ஆனால் கொண்டை சட்டத்துக்குள் முழுவதும் விழ வேண்டும். உயரமான கொண்டை என்றால் தாழ்த்திப் போட்டுக்கொண்டு எடுப்பது மேல்.

தாடையிலிருந்து உச்சி வரை 2000 − 900 = 1100 பிக்சல். படிவம் முகம் இவ்வளவு சதவீதம் என்று சொன்னால் அதையே எடுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் தலை சட்டத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே குறைவாக, 65 சதவீதம் அளவில் இருந்தால் நன்றாக அமையும். 1100 ஐ 0.65 ஆல் வகுத்தால் 1692. படிவத்தின் விகிதம் 360 க்கு 480, அதாவது 3 க்கு 4. உயரத்தை 1680 என்று வைத்தால் அகலம் சரியாக 1260 வருகிறது. பின்னம் வராதபடி இப்படிச் சிறிது கூட்டிக் குறைத்துக்கொள்வது பின்னால் ஒரு பிக்சல் தகராறு வராமல் காக்கும்.

இனி சட்டத்தை எங்கே வைப்பது? கண்களின் நடு, 1376 க்கும் 1684 க்கும் நடுவில், 1530. அகலத்தில் பாதி 630. ஆகவே சட்டத்தின் இடது ஓரம் 1530 − 630 = 900. தலைக்கு மேல் சட்ட உயரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 168 பிக்சல் விடலாம். மேல் ஓரம் 900 − 168 = 732. கீழ் ஓரம் 732 + 1680 = 2412 இல் முடிகிறது; தாடைக்குக் கீழே 412 பிக்சல் மிஞ்சுகிறது. கழுத்தும் தோளின் தொடக்கமும் தெரிய அது போதும்.

கிராப் கருவியை எடுங்கள். `Shift+C` அழுத்தினாலும் வரும். கருவியின் அமைப்புப் பட்டியலில் `Position` என்ற இடத்தில் 900, 732 என்றும், `Size` என்ற இடத்தில் 1260, 1680 என்றும் தட்டுங்கள். அலகு `px` என்று இருக்கிறதா பாருங்கள். மில்லிமீட்டரில் இருந்தால் சட்டம் எங்கோ போய்விடும். அதே பட்டியலில் வழிகாட்டிக் கோடுகளுக்கான இடத்தில் `Center lines` தேர்ந்தால் நடுவில் ஒரு சிலுவைக் கோடு வரும். செங்குத்துக் கோடு மூக்கின் வழியாகப் போக வேண்டும். கண்கள் படுக்கைக் கோட்டுக்குச் சற்று மேலே நிற்கும். சட்டத்தை இழுத்துக் கண்ணை நடுக்கோட்டில் வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் தலைக்கு மேல் வெற்றிடம் கூடிப் போகும். திருப்தியானால் `Enter`.

எண்ணே வேண்டாம் என்பவர்கள் `Fixed` என்ற பெட்டியில் டிக் போட்டு, `Aspect ratio` தேர்ந்து, 3:4 என்று கொடுத்துவிட்டுச் சட்டத்தை இழுக்கலாம். விகிதம் பூட்டப்பட்டிருப்பதால் எவ்வளவு இழுத்தாலும் முகம் நசுங்காது. ஒரே படிவத்துக்கு ஒரே படம் என்றால் இது போதும். வீட்டில் மூன்று பேருக்குச் செய்வதானால் எண் வழிதான் சீராக வரும்.

பிக்சலுக்குச் சுருக்குவது

`Image` பட்டியலில் `Scale Image` திறந்து, அகலத்தில் 360 என்று தட்டி `Tab` அழுத்துங்கள். உயரம் தானாக 480 ஆக வேண்டும். இதுதான் சோதனை. 479 அல்லது 481 என்று வந்தால் வெட்டும்போது ஓரிரு பிக்சல் பிசகியிருக்கிறது. பக்கத்தில் உள்ள சங்கிலிப் பூட்டைத் திறந்து 480 என்று மாற்றினால் யாருக்கும் தெரியாது. 450, 510 என்று வந்தால் விகிதமே தவறு. அப்போது பூட்டைத் திறந்து எண்ணைத் திணிக்கவே கூடாது. நகல் கடைப் படங்களில் முகம் நசுங்குவது இந்த இடத்தில்தான். `Ctrl+Z` அழுத்திப் பின்னால் போய் மறுபடி வெட்டுங்கள்.

வெட்டிய துண்டு 360 ஐ விடச் சிறியதாக இருந்தால், அதைப் பெரிதாக்கி எண்ணைக் கொண்டுவரலாம், ஆனால் இல்லாத விவரம் வராது. முகம் பூசியது போலத் தெரியும். வைபரில் வந்த பழைய படத்தையோ, ஸ்டுடியோவில் எடுத்த தாள் படத்தைப் போனால் படம் பிடித்ததையோ வைத்துச் செய்யும்போது இது நடக்கும்.

எடையைப் பொருத்துவது

360 × 480 என்றால் மொத்தம் 1,72,800 புள்ளிகள். இத்தனை புள்ளிகளை JPG எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறது என்பதைப் பொறுத்துத்தான் கேபி. ஆகவே பிக்சலைத் தொடாமலே எடையைக் கூட்டலாம், குறைக்கலாம். இதை அறியாமல், கேபி குறைய வேண்டும் என்று படத்தை இன்னும் சின்னதாக்கி, பிக்சல் தவறி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

`File` பட்டியலில் `Export As` கொடுத்து, பெயரை `photo.jpg` என்று வையுங்கள். தமிழ் எழுத்தோ பர்மிய எழுத்தோ இடைவெளியோ பெயரில் வேண்டாம். சில தளங்கள் அதற்காகவே மறுக்கும், காரணத்தையும் சொல்லாது. அடுத்து வரும் பெட்டியில் `Quality` என்ற நகர்த்தி இருக்கும். `Show preview in image window` என்பதில் டிக் போட்டால், நகர்த்த நகர்த்தக் கோப்பின் அளவு அங்கேயே மாறிக் காட்டும். 90 இல் தொடங்குங்கள். 50 ஐத் தாண்டினால் இரண்டிரண்டாக இறக்குங்கள்.

எல்லையை ஒட்டி நிறுத்தாதீர்கள். ஒரு கேபி என்பதைச் சில தளங்கள் 1000 பைட் என்றும் சில 1024 பைட் என்றும் எண்ணும். உங்கள் கணினி 1024 கணக்கில் 49.5 என்று காட்டினால் அது 50,688 பைட். 1000 கணக்கில் பார்க்கும் தளத்துக்கு அது 50 ஐத் தாண்டியது. 45 ஐ ஒட்டி நிறுத்தினால் இரண்டு கணக்கிலும் தப்பும். கீழ் எல்லைக்கும் இதே போல 22, 23 என்று கொஞ்சம் இடம் விடுங்கள். பின்னால் `Properties` பார்க்கும்போது `Size` என்ற வரியைப் படியுங்கள். `Size on disk` என்பது வட்டில் அடைத்த இடம், அது பெரும்பாலும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

எடை குறைந்துபோவதும் உண்டு. 200 × 230 போன்ற சின்ன அளவு கேட்டு, 20 கேபிக்குக் குறையக் கூடாது என்று சொல்லும் படிவங்கள் இருக்கின்றன. வெற்றுச் சுவர் பின்னணி எளிதாகச் சுருங்கிவிடுவதால், வழக்கமான தரத்தில் அது 20 ஐ எட்டாது. அங்கே `Quality` ஐ 95 க்கு மேல் ஏற்றுங்கள். 100 வரை போகலாம், தவறில்லை. பிக்சலைக் கூட்ட வேண்டாம்.

எடையை இறக்கும்போது எங்கே நிறுத்துவது என்பதற்குக் கண் இமைகளையும் முடியின் ஓரத்தையும் பாருங்கள். 200 சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும்போது முடி ஓரத்தைச் சுற்றிக் கொசு மொய்த்தது போன்ற புள்ளிகளும் கன்னத்தில் சதுரக் கட்டங்களும் தெரிந்தால் தரம் அதிகமாக இறங்கிவிட்டது. 360 × 480 க்கு 50 கேபி தாராளம் என்பதால் இந்த நிலை வரக் கூடாது. வந்தால், நீங்கள் வேலை செய்வது ஏற்கெனவே ஒருமுறை இறுக்கப்பட்ட படத்தில். JPG ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். அதனால் சரியாக வராத ஒவ்வொரு முறையும் முந்தைய `photo.jpg` ஐத் திறக்காமல், போனிலிருந்து வந்த மூலப் படத்துக்கே போங்கள். வெட்டி முடித்த நிலையை, பிக்சலுக்குச் சுருக்குவதற்கு முன்பே, `Ctrl+S` கொடுத்து `.xcf` கோப்பாக வைத்துக்கொண்டால் கரண்ட் போனாலும் அங்கிருந்தே தொடரலாம்.

கட்டளை வரியில் பழகியவர்களுக்கு, இமேஜ்மேஜிக் இருந்தால் மேலே சொன்ன எல்லாம் ஒரே கட்டளை. படம் ஏற்கெனவே நேராக இருக்க வேண்டும். எண்கள் நாம் கணக்கிட்டவையே.

```
magick mulam.jpg -auto-orient -crop 1260x1680+900+732 +repage -resize 360x480 -strip -define jpeg:extent=45kb photo.jpg
```

போன் மட்டுமே உள்ளவர்கள் கேலரியின் திருத்தும் பகுதியிலேயே 3:4 விகிதத்தைப் பூட்டி வெட்டலாம். நடுக்கோடு பெரும்பாலும் வராது, மூன்று பங்காகப் பிரிக்கும் இரண்டு கோடுகள் வரும். நடுக்கட்டத்துக்குள் மூக்கு சரிபாதியில் நிற்க, இரு கண்களும் கோடுகளிலிருந்து ஒரே தூரத்தில் இருக்குமாறு நகர்த்துங்கள். பிக்சலுக்கும் கேபிக்கும் தனிச் செயலி வேண்டும்; அகலம், உயரம் இரண்டையும் எண்ணாகத் தட்டவும், தரத்தை நகர்த்தவும் இடம் தரும் செயலியாகப் பாருங்கள். கேபியை மட்டும் கேட்கும் செயலிகள் பிக்சலைத் தாமாகவே மாற்றிவிடும்.

படிவத்தில் ஏற்றிய பிறகு, தளம் காட்டும் முன்னோட்டத்தைப் பாருங்கள். அங்கே முகம் நிமிர்ந்து, நசுங்காமல், நடுவில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். கட்டணம் கட்டிய பிறகு படத்தை மாற்ற விடாத படிவங்கள் உண்டு. `photo.jpg` ஐ அழிக்காமல் வைத்திருங்கள். அனுமதிச் சீட்டில் ஒட்டுவதற்கு அதே படத்தின் அச்சுப் பிரதி கேட்பார்கள் என்றால், 360 பிக்சல் கோப்பை விட்டுவிட்டு `.xcf` இலிருந்து பெரிய அளவில் எடுத்துக் கடைக்குக் கொடுங்கள்.